10சி போடாதீர்கள்: பொதுக்குழுவுக்கு வர முடியாதவர்களுக்கு

தோழர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை நடந்த பொதுக்குழுவுக்கு இரண்டாம் ஷிப்டில் இருந்தவர்களாலும் ஊருக்குப் போயிருந்தவர்களாலும் வர முடியவில்லை. போனஸ் பற்றிய பேச்சு அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டது. சந்தாவில் மாற்றம் இல்லை. மீதி நேரம் முழுவதும் பேசியது பிஎஃப் பென்ஷன் பற்றித்தான். அதில் எடுத்த முடிவுகள் வராதவர்களுக்கும் பொருந்தும் என்பதால் இதை எழுதுகிறேன்.

கோன் வைண்டிங்கில் இருந்த நம் அக்கா ஒருவர் 58 வயது முடிந்ததும் பென்ஷனுக்கு 10டி படிவம் போட்டார். தள்ளுபடி ஆகிவிட்டது. முன்பு வேறு மில்லில் 6 வருடம், நம் மில்லில் 7 வருடம், ஆக 13 வருடம் அவர் நூல் சுற்றியிருக்கிறார். பிஎஃப் ஆபீஸ் கணக்கில் இருப்பது 7 வருடம் மட்டும். மாதப் பென்ஷனுக்கு 10 வருடம் வேண்டும்.

அந்த 6 வருடம் எங்கே போனது? பழைய மில்லை விட்டபோது பணமுடை. பிரௌசிங் சென்டருக்குப் போய் "பிஎஃப் எடுக்கணும் தம்பி" என்றிருக்கிறார். அந்தப் பையன் படிவம் 19 போட்டான், கூடவே 10சி-யும் போட்டான். 19 என்பது பிஎஃப் பணத்தை எடுப்பது. 10சி-யில் பணம் கேட்டால் அது பென்ஷன் கணக்கை முடித்துக்கொள்வது. இரண்டும் வேறு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வங்கியில் இரண்டு தொகை ஏறியது, இரண்டும் பிஎஃப் என்றே நினைத்துக்கொண்டார்.

கணக்கைக் கூட்டத்தில் கரும்பலகையில் போட்டுப் பார்த்தோம். கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியை (அடிப்படையும் பஞ்சப்படியும் மட்டும், அதிகபட்சம் 15,000) வேலை செய்த வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதப் பென்ஷன் வரும். அக்காவுக்குச் சராசரி 12,000. பெருக்கல் 13, வகுத்தல் 70: மாதம் 2,228 ரூபாய், ஆயுள் முழுக்க. 10சி-யில் அன்று அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய அறுபதாயிரம். இரண்டேகால் வருடப் பென்ஷனில் அது தீர்ந்துவிடும். இப்போது 7 வருடத்துக்கு ஒரு மொத்தத் தொகையை வாங்கிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். எடுத்ததைத் திரும்பக் கட்டுகிறேன், வருடத்தைச் சேர்த்துக் கொடுங்கள் என்று மூன்று முறை போய்க் கேட்டோம். வழியில்லை என்றே சொன்னார்கள்.

ஆகவே முதல் தீர்மானம்: மில் மாறுகிறவர்கள் யாரும் சங்கத்தில் காட்டாமல் 10சி போடக் கூடாது. பணமுடை இருந்தால் பிஎஃப் பணத்தை மட்டும் 19-இல் எடுங்கள். அதே 10சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாக ஸ்கீம் சர்டிபிகேட் கேட்கலாம். உங்கள் வருடங்களை அது காப்பாற்றி வைக்கும். அதைவிட நல்லது, பழைய கணக்கைப் புதிய மில் கணக்குக்கு மாற்றிவிடுவது. 9 வருடம் 6 மாதம் ஆனாலே 10 என்று எடுத்துக்கொள்வார்கள். எட்டு, ஒன்பது வருடத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

மாற்றியவர்கள் பாஸ்புக்கைப் பார்த்துப் பதறி வருகிறார்கள். தொழிலாளி பங்கும் முதலாளி பங்கும் வந்திருக்கிறது, பென்ஷன் பத்தியில் மட்டும் 0 என்று இருக்கிறது. பயப்பட வேண்டாம். பென்ஷன் பணம் பொது நிதியில் இருப்பது, அது ஆளுக்கு ஆள் நகராது. வருடம்தான் நகர வேண்டும். அது நகர்ந்திருக்கிறதா என்பது பாஸ்புக்கில் தெரியாது. 'அனெக்சர் கே' என்ற தாளில் பழைய மில்லில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, சம்பளமில்லாத நாட்கள் மூன்றும் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

அந்தச் சம்பளமில்லாத நாட்களைக் கவனியுங்கள். லாஸ் ஆஃப் பே-யில் போன நாட்கள் பென்ஷன் வருடத்தில் கழியும். பிரசவம், அம்மா அப்பாவுக்கு வைத்தியம் என்று நீண்ட நாள் போனவர்கள் பத்து வருடம் ஆகிவிட்டது என்று நம்பி வேலையை விட்டுவிட்டு, மூன்று மாதம் குறைகிறது என்று கேள்விப்பட்டிருக்கிறார்கள். வேலையில் இருக்கும்போதே எண்ணிப் பாருங்கள்.

இனி அலைக்கழிப்பு. நமக்கு வந்த தள்ளுபடிகளில் பெரும்பாலானவை இரண்டே காரணத்தால். ஒன்று, பெயர். ஆதாரில் இனிஷியல் பின்னால், பிஎஃப்-இல் முன்னால், அல்லது அப்பா பெயர் முழுதாக. இன்னொன்று, பழைய மில் விலகிய தேதியைப் போடாமல் விட்டிருக்கும், அல்லது புதிய மில்லில் சேர்ந்த தேதிக்குப் பிந்தைய தேதியைப் போட்டிருக்கும். தேதி போடாமல் இருந்தால் மில்லில் போய் நிற்க வேண்டியதில்லை. கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆன பிறகு, இணையத்தில் உங்கள் பிஎஃப் எண்ணான யுஏஎன்-இல் நுழைந்து Manage பகுதியில் Mark Exit மூலம் நீங்களே போடலாம். தப்பாகப் போட்டுவிட்டால் திருத்துவது பெரும்பாடு. கடைசிச் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போடுங்கள்.

பெயர்த் திருத்தத்துக்கு ஜாயின்ட் டிக்ளரேஷன் படிவம் போட வேண்டும். பழைய கணக்கு என்றால் மில் கையெழுத்து கேட்பார்கள். மில் மூடிவிட்டது என்றால் "அப்படியானால் முடியாது" என்று கவுன்டரில் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். அது சரியல்ல. மூடிய நிறுவனத்துக்குக் கெசட்டட் அதிகாரியோ நோட்டரியோ சான்றொப்பம் போட்டால் ஏற்க வேண்டும். முடியாது என்று சொல்கிறவரிடம் வாதாடாதீர்கள், மனு மீது எழுதித் தரச் சொல்லுங்கள்.

அதே மாதிரி, பெயரைத் திருத்திக்கொண்டு போனால் அடுத்த முறை தேதி சரியில்லை என்பார்கள், அப்புறம் வங்கி எண் என்பார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஒரு பெண் நான்கு தடவை போய் வருவது எவ்வளவு பெரிய அநியாயம்! குறை எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொல்ல வேண்டும் என்று பிஎஃப் தலைமையே உத்தரவு போட்டிருக்கிறது. சரியாகப் போட்ட மனுவை 20 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பதும் விதி. 20 நாள் கடந்தால் epfigms.gov.in-இல் புகார் போட்டுப் பதிவு எண்ணைச் சங்கத்தில் கொடுங்கள். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் பிஎஃப் குறைகேட்பு முகாம் நடக்கிறது.

இரண்டாவது தீர்மானம், அந்த முகாமுக்கு இனி ஆள் தனியாகப் போவதில்லை. சங்கத்திலிருந்து இருவர் கூடவே வருவார்கள், அன்றைய கூலியில் பாதியைச் சங்க நிதியிலிருந்து கொடுப்போம்.

மூன்றாவது, வேலையை விடுகிறவர்களின் விலகிய தேதியை அடுத்த மாதமே பதிவு செய்யச் சொல்லி நிர்வாகத்துக்குக் கடிதம். கான்ட்ராக்டில் இருப்பவர்களின் பெயரும் அதில் சேர்ந்திருக்கிறது. கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் அவர்களுக்குப் புது யுஏஎன் போடுகிறார்கள். ஒருவருக்கு மூன்று எண் இருந்ததைக் கூட்டத்தில்தான் கண்டுபிடித்தோம். பழைய எண் இருக்கிறது என்று சேரும் அன்றே சொல்லுங்கள்.

வரும் ஞாயிறு காலை 10 மணிமுதல் சங்க அலுவலகத்தில் எல்லோருடைய கணக்கையும் பார்க்கிறோம். ஆதார், வங்கிப் புத்தகம், ஆதாரில் இணைத்த போன், பழைய மில்லின் சம்பளச் சீட்டு ஒன்றாவது கொண்டு வாருங்கள். ஓடிபி வரும் போன் வீட்டுக்காரர் கையில் இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். 10சி-யை ஏற்கெனவே போட்டுவிட்டு இன்னும் பணம் வராதவர்கள் ஞாயிறுவரை காத்திருக்காமல் இன்றே எனக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்