‘பின்னோக்குச் சார்பு’ வேண்டாம்: ஹைன்ட்சைட் பயஸுக்கு ஒரு சரியான சொல்

தேர்தல் முடிவு வந்த மறுநாள், பங்குச்சந்தை சரிந்த மறுநாள், கிரிக்கெட்டில் தோற்ற மறுநாள் எல்லாம் ‘பின்னோக்குச் சார்பு’ பற்றி யாராவது ஒரு கட்டுரை எழுதிவிடுகிறார்கள். ஒன்று நடந்து முடிந்தபின், அது நடக்குமென்று முன்பே தெரிந்திருந்ததாக நினைத்துக்கொள்ளும் ஹைன்ட்சைட் பயஸைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்த ஆங்கிலச் சொல்லில் ‘ஹைன்ட்’ என்றால் பின். ‘சைட்’ என்றால் பார்வை. ‘பயஸ்’ பிரெஞ்சிலிருந்து வந்தது, சாய்வு என்று பொருள். பின், நோக்கு, சார்பு என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தமிழ்த் துண்டை ஒட்டியதில் ‘பின்னோக்குச் சார்பு’ பிறந்துவிட்டது.

முதல் சிக்கல், இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் படித்தவர்களுக்குப் பின்னோக்குச் சார்பு என்றால் டையோடில் மின்னழுத்தத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான். போதாததற்குக் கணக்குப் புத்தகத்தில் சார்பு என்றால் ஃபங்ஷன்.

இதைவிடப் பெரிய சிக்கல் பொருளில் இருக்கிறது. பின்னோக்கிப் பார்ப்பதில் எந்தத் தவறும் இல்லை. வரலாற்றாசிரியரும் தணிக்கையாளரும் அதைத்தான் செய்கிறார்கள். பிழை வேறிடத்தில் நடக்கிறது. அதை 1975இல் உளவியலாளர் பாரூக் ஃபிஷ்ஹாஃப் சோதித்துக் காட்டினார். 1814இல் ஆங்கிலேயருக்கும் நேபாளத்துக் கூர்க்காக்களுக்கும் மூண்ட போரைப் பற்றி ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார். ஆங்கிலேயர் வெற்றி, கூர்க்கா வெற்றி, உடன்பாட்டோடு முடிந்த இழுபறி, உடன்பாடில்லாத இழுபறி என நான்கு முடிவுகளுக்கும் எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று கேட்டார். முடிவு சொல்லப்படாதவர்கள் ஆங்கிலேயர் வெற்றிக்குச் சராசரியாகச் சுமார் 34 விழுக்காடு தந்தார்கள். ‘ஆங்கிலேயர்தான் வென்றார்கள்’ என்று சொல்லப்பட்டவர்கள் அதே பத்தியைப் படித்துவிட்டு 57 தந்தார்கள். கூர்க்காக்கள் வென்றதாகச் சொல்லப்பட்டவர்களுக்கு அந்த முடிவே எதிர்பார்க்கக் கூடியதாகத் தெரிந்தது. முடிவு தெரியாததுபோல் நினைத்துக்கொண்டு பதில் சொல்லச் சொன்னபோதும் இந்தச் சாய்வு போகவில்லை.

காரணம், முடிவு காதில் விழுந்த உடனே மனம் பத்தியிலுள்ள செய்திகளின் எடையை மாற்றிவிடுகிறது. முடிவுக்குப் பொருந்தும் வரி முக்கியமாகிறது, பொருந்தாதது கண்ணில் படுவதே இல்லை. மாற்றுவதற்கு முன்பிருந்த கணக்கை மனம் தனியே எடுத்துவைப்பதும் இல்லை. அதனால் ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்பவர் பொய் சொல்லவில்லை; உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார்.

இந்த இடத்தில்தான், மாற்றுச் சொல்லாக எளிதில் நினைவுக்கு வரும் ‘பின்புத்தி’யும் தோற்கிறது. நல்ல வழக்குச் சொல்தான், ஆனால் பின்புத்திக்காரருக்குத் தன் புத்தி தாமதமாக வந்தது தெரியும்; ‘முன்பே தோன்றாமல் போயிற்றே’ என்று வருந்துவார். ‘அப்பவே தெரியும்’ என்பவரிடம் அந்த வருத்தம் கிடையாது, பின்னால் வந்த அறிவை முன்னறிவு என்றே எண்ணுகிறார். ஒன்று மற்றொன்றின் இடத்தில் நிற்பதற்கு நம் இலக்கணத்தில் பழைய பெயர் இருக்கிறது: மயக்கம். வேற்றுமை மயக்கம், திணை மயக்கம், கால மயக்கம் என்று படித்திருக்கிறோம். அந்த வரிசையில் ‘பின்னறிவு மயக்கம்’ என்பதே சரி. மயக்கம் என்றால் தலைசுற்றல் என்று நினைத்துவிடுவார்களாம். ‘சொல்லில் மயக்கம் இருக்கிறது’ என்பதை யாரும் அப்படிப் புரிந்துகொள்வதில்லை.

இதனோடு சேர்ந்து வரும் ஓவர்கான்ஃபிடன்ஸை ‘அதீத தன்னம்பிக்கை’ என்று எழுதுவதும் தவறு. தன்னம்பிக்கை ஒருவர் தன்மேல் வைக்கும் துணிவு. இங்கே பேசப்படுவது, ஒரு தீர்ப்பு சரி என்பதில் வைக்கும் உறுதி அதன் உண்மையான தரத்தை மீறிப்போவது. கூச்சமான மனிதருக்கும் இது உண்டு. பொது அறிவுக் கேள்விகளுக்கு ‘நூறு விழுக்காடு உறுதி’ என்று குறித்துத் தந்த விடைகளிலும் கணிசமானவை தவறாகவே இருந்திருக்கின்றன. ‘மிகையுறுதி’ என்றால் போதும். இரண்டுக்கும் உள்ள உறவும் அப்போது புரியும்: பின்னறிவு மயக்கத்தால் பழைய தவறுகள் நினைவிலேயே திருத்தப்பட்டுவிடுவதால், உறுதியைக் குறைத்துக்கொள்ளக் காரணமே கிடைப்பதில்லை.

அகராதியில் துண்டு துண்டாகப் பார்த்து ஒட்டாமல், அந்தச் சொல் எந்தப் பிழையைக் குறிக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர்கள் ஒருமுறை கேட்டிருக்கலாம். பெயர் தெளிவானால் செய்யவேண்டியதும் தெளிவாகும். ‘இப்படி ஒரு பிழை இருக்கிறது, கவனம்’ என்று எச்சரிப்பது பெரிதாக உதவுவதில்லை. முடிவு வருவதற்கு முன்பே தேதி, எதிர்பார்க்கும் முடிவு, அதற்குத் தரும் விழுக்காடு, அது நடக்காமல் போவதற்கான ஒரு காரணம் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். நான்காவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மிகையுறுதியைக் குறைப்பது அந்த எதிர்க்காரணம்தான். முடிவு வந்தபின், தாளைத் திறக்காமல் ‘அன்று எத்தனை விழுக்காடு தந்தேன்?’ என்று நினைவிலிருந்து இன்னொரு தாளில் எழுதி, பிறகு பழையதோடு ஒப்பிட வேண்டும். அன்று 40 எழுதியவருக்கு இன்று 65 என்று நினைவிருந்தால், இடையிலுள்ள 25தான் அவருடைய மயக்கத்தின் அளவு.