‘முயற்ச்சி’ என்று எழுதும் பிள்ளைக்கு என்ன சொல்லித் தருவது?

கட்டுரை நோட்டைத் திருத்தும்போது மயங்கொலிப் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுப்பது வழக்கம். அடுத்த கட்டுரையிலும் அதே பிழைகள் வரும். ‘நன்றாக உச்சரித்துப் பார்’ என்று சொல்வதும் பெரும்பாலும் உதவுவதில்லை. இன்று பெரும்பாலோர் பேச்சில் ர, ற இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. பலர் ழகரத்தை ளகரமாகவே பேசுகிறார்கள். காதில் விழாத வேறுபாட்டைப் பிள்ளை காதால் எப்படிக் கண்டுபிடிக்கும்?

விளையாட்டு விழா பற்றி ஒரு மாணவர் எழுதினால் இப்படி இருக்கும்: ‘எங்கள் அணி கடுமையாக முயற்ச்சி செய்தது. என் நண்பன் கீழே விலுந்தும் எழுந்து ஓடினான். முன்னூறு பேர் மகிள்ந்தார்கள். தலைமையாசிரியர் பறிசு வளங்கினார்.’ இதில் பிழைகள் ஆறு. ஆறும் ஒரே வகை அல்ல. சிலவற்றை மாணவரே இலக்கணத்தைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். சிலவற்றுக்கு நினைவு ஒன்றே துணை.

முதலில் முயற்ச்சி. தமிழ்ச் சொல்லின் நடுவில் இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வந்து, அதன்பின் உயிர்மெய் வரவேண்டுமானால், முதல் மெய் ய், ர், ழ் ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். தொல்காப்பியத்திலிருந்தே உள்ள விதி இது. வாய்ப்பு, வளர்ச்சி, வாழ்க்கை ஆகிய சொற்களைப் பாருங்கள். ற், ட், ல், ள் நான்குக்கும் அந்த இடம் கிடையாது. ஆகவே முயற்ச்சி, பயிற்ச்சி, காட்ச்சி, வளற்ச்சி எல்லாம் பார்த்த உடனேயே பிழை. மகிள்ந்தார்கள் என்பதும் அப்படியே. ள், ந் என இரண்டு மெய்கள் நிற்கின்றன. முதலில் நிற்பது ள்.

பிழை என்று தெரிந்துவிட்டது. சரியான எழுத்து எது? வினையின் வேரைப் பிடித்து இறந்தகாலத்தில் சொல்லிப் பார்க்கச் சொல்வேன். முயல் என்பதிலிருந்து முயன்றான். ன்ற வந்தால் வேரின் இறுதி பெரும்பாலும் லகரம். அது ‘சி’ சேரும்போது றகரமாகும், முயற்சி. வறள் என்பதிலிருந்து வறண்டது. ண்ட வந்தால் பெரும்பாலும் ளகரம். அது டகரமாகும், வறட்சி. மகிழ் என்பதில் ழகரம் மாறாமல் நிற்கும்: மகிழ்ந்தான், மகிழ்ச்சி. வளர் என்பதும் அப்படித்தான்: வளர்ந்தான், வளர்ச்சி. வேர் மகிள் என்றிருந்தால் ‘மகிண்டார்கள்’ என்றல்லவா வந்திருக்கும்! இதை ஒரு முறை வாய்விட்டுச் சொல்ல வைத்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தச் சொல் பிறகு மறக்காது. ற்சிக்கும் ர்ச்சிக்கும் உள்ள குழப்பமும் இதிலேயே தீர்கிறது. சுழன்றது, சுழற்சி, தளர்ந்தது, தளர்ச்சி.

மூன்று னகரங்களில் ந, ன இரண்டுக்கும் காதே வேண்டாம், இடம் போதும். சொல்லின் தொடக்கத்தில் ந; தகரத்துக்கு முன் ந்; மற்ற இடங்களில் பெரும்பாலும் ன. நந்தவனம் என்ற ஒரு சொல்லிலேயே மூன்றும் தெரியும். சொற்கள் சேரும் இடத்தில்தான் கவனம் வேண்டும். மூன்றும் நூறும் சேர்ந்தது முந்நூறு. நகரத்தில் தொடங்கும் நூறு உள்ளே இருப்பதால் முன்னூறு தவறு. ஐந்நூறு, அநீதி இரண்டும் அதே கணக்கு. ணகரம் தனி. டகரத்துக்கு முன் ண், றகரத்துக்கு முன் ன் என்பது உறுதி. ஆனால் உயிர் சேர்ந்து வரும்போது பணி, பனி இரண்டும் சொற்கள்தான். அங்கே பொருளைப் பார்த்தே எழுத வேண்டும்.

எஞ்சியவை விலுந்தும், வளங்கினார், பறிசு. ஐயத்துக்குரிய எழுத்தின்மேல் உயிர் ஏறியிருப்பதால் மேற்சொன்ன சோதனை இவற்றில் செல்லாது. சொற்குடும்பம் ஓரளவு கைகொடுக்கும். விழு என்பதன் உறவு வீழ். வீழ்ந்தான், வீழ்ச்சி என்று ழகரம் வெளிப்பட்டுவிடும். வழங்கு என்பதை வழக்கம், வழக்கு ஆகியவற்றோடு சேர்த்துப் படிக்க வைக்கலாம். பரிசுக்கு அந்த வழியும் இல்லை. அதிலும் ஓர் ஆபத்து உண்டு: ரகரப் பிழைக்காகப் பலமுறை திருத்தப்பட்ட பிள்ளை, ஐயம் வந்த இடமெல்லாம் றகரம் போடத் தொடங்கும். பறிசு பெரும்பாலும் அப்படிப் பிறந்த பிழை. அந்தப் பிள்ளையிடம் மேலும் விதி சொன்னால் குழப்பம்தான் கூடும்.

அதனால் திருத்தும்போது இரண்டு குறிகள் வைத்துக்கொள்கிறேன். சோதித்துக் கண்டுபிடிக்கக்கூடிய பிழைக்கு வட்டம் மட்டும், ஓரத்தில் ‘வேர்?’ என்று எழுதிவிடுவேன், சரியான வடிவத்தை எழுதமாட்டேன். நினைவில் வைக்க வேண்டிய சொல்லுக்கு அடிக்கோடிட்டுச் சரியான வடிவத்தை நானே எழுதுவேன். அந்தச் சொல்லை வைத்து மாணவர் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ‘பரிசு’ என்று பத்து முறை எழுதச் சொல்வதில்லை. பத்தாவது முறை கை மட்டும்தான் எழுதுகிறது.