ரெக்லிஸ், அதிமதுரம்: டீயா, குடிநீரா?

மொரீசியஸ் கடைகளில் தேநீர்ப் பைகளின் பெட்டியில் 'ரெக்லிஸ்' என்று போட்டிருப்பார்களே, அது நம் அதிமதுரம்தான். கிரேக்கத்தில் 'கிளிசிரைசா', அதாவது இனிப்பு வேர். லத்தீனில் அது 'லிக்விரிசியா' ஆனது. பழைய பிரெஞ்சுக்காரர்கள் வாயில் எழுத்துகள் இடம் மாறின. குச்சி குச்சியாக விற்றதாலோ என்னவோ, அளவுகோலைக் குறிக்கும் 'ரெக்ல்' என்ற சொல்லும் அதில் ஒட்டிக்கொண்டு ரெக்லிஸ் என்று நிலைத்தது.

அதிமதுரம் வடசொல், 'மிக இனிப்பு' என்று பொருள். அகராதியில் 'அதிங்கம்' என்றும் இருக்கிறது. ஆனால் கடையில் போய் அதிங்கம் கேட்டால் யாருக்கும் புரியாது. அதிமதுரமே இருக்கட்டும்.

எனக்கு உறுத்துவது 'டீ' என்ற சொல். இதில் தேயிலையே இல்லை. வேரைக் கொதிக்க வைத்து இறக்கியதைச் சித்த மருத்துவம் 'குடிநீர்' என்கிறது, நிலவேம்புக் குடிநீர் போல. குடிநீர் என்றால் மருந்து, இத்தனை நாள் என்று கணக்கு உண்டு. டீ என்றதும் அந்தக் கணக்கு போய்விடுகிறது.

எங்கள் அத்தைக்கு நடந்தது அதுதான். சர்க்கரை சேர்க்காமலே இனிக்கிறதே என்று மூன்று மாதம் தினமும் மூன்று கோப்பை குடித்தார். பிரஷர் 165க்கு ஏறியது. டாக்டர் நீர் பிரியும் மாத்திரை கொடுத்தார். பிரஷர் அப்படியும் இறங்கவில்லை. அப்புறம் கால் தசை பிடித்து இழுத்தது, மாடிப்படி ஏற முடியவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் 2.8, குறைந்தது 3.5 இருக்க வேண்டும்.

நம் உடலில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் நிறைய உண்டு. உப்பைப் பிடித்து வைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஆல்டோஸ்டிரோனின் இடத்தில் இதுவும் போய் உட்கார முடியும். அப்படி உட்காராமல் அங்கேயே அதைச் செயலிழக்கச் செய்யும் நொதி ஒன்று காவலுக்கு இருக்கிறது. அதிமதுரத்தின் இனிப்பான கிளிசிரைசின், குடலில் உருமாறி அந்தக் காவலைக் கட்டிப்போடுகிறது. உப்பும் நீரும் உடலில் தங்க, பிரஷர் ஏறுகிறது. பொட்டாசியம் சிறுநீரில் போகிறது. நீர் மாத்திரைகளில் பலவும் பொட்டாசியத்தை வெளியேற்றுபவை, அத்தைக்குக் கொடுத்ததும் அந்த வகைதான். இரண்டும் சேர்ந்துகொண்டன.

கணக்கு இப்படி: ஒரு கோப்பைக்கு 2 கிராம் வேர், அதில் 4 சதவீதம் கிளிசிரைசின் என்றால் 80 மில்லிகிராம். முழுவதும் நீரில் இறங்காது, பாதி இறங்கினாலும் மூன்று கோப்பைக்கு 120. ஐரோப்பிய நிபுணர் குழு சொன்ன தினசரி மேல்வரம்பு 100. வேருக்கு வேர் அளவு மாறும் என்பதால் நாக்கை வைத்துக் கணிக்க முடியாது.

ரத்தப் பரிசோதனையில் ஆல்டோஸ்டிரோன், அதைச் சுரக்கத் தூண்டும் ரெனின் இரண்டுமே குறைவாக வந்தன. அப்படியென்றால் உப்பைப் பிடித்து வைப்பது வேறு ஏதோ ஒன்று. அதைப் பார்த்துத்தான் டாக்டர், "என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்டார். டீயை நிறுத்தி, மாத்திரையை மாற்றி, பொட்டாசியமும் கொடுத்தார். சரியாகச் சில வாரம் ஆனது, அந்த நொதி உடனே மீளாது.

இப்போது அத்தை புதினா டீக்கு மாறிவிட்டார். வாங்கிய முதல் புதினா டீப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். பின்பக்கம் சிறிய எழுத்தில் இருந்த சேர்மானப் பட்டியலில் இரண்டாவது பெயர்: ரெக்லிஸ்.