ஏழு நிமிட அனிமேஷன் படம் தியேட்டர் திரைக்குப் போகும் வழி

குறும்பட விழாவுக்குப் படம் அனுப்பும்போது முதலில் கேட்பது ஆன்லைன் லிங்க், கதைச்சுருக்கம், போஸ்டர். கதைச்சுருக்கத்தில் 'அன்பையும் இழப்பையும் பேசும் படம்' என்று எழுதினால் எந்தப் படத்துக்கும் பொருந்தும். 'குடை ரிப்பேர் செய்யும் தாத்தாவிடம், மழையே பெய்யாத ஊரிலிருந்து ஒரு சிறுமி குடையோடு வருகிறாள்' என்றால் படம் கண்ணில் தெரியும். போஸ்டரைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். தலைப்பு படிக்க முடிந்தால் சரி.

படம் தேர்வானதும் 'டிசிபி அனுப்புங்கள்' என்பார்கள். தியேட்டர் புரொஜெக்டருக்கான இந்த டிசிபி ஒரே ஃபைல் அல்ல, ஒரு ஃபோல்டர். எம்பி4 ஃபைல் பெரும்பாலும் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். டிசிபியிலோ ஒவ்வொரு ஃபிரேமும் ஜேபெக் 2000 முறையில் தனிப் படமாகவே இருக்கும். ஒலி சுருக்கப்படாமல் அப்படியே போகும். அதனால் சில நூறு எம்பி படம் பல ஜிபி ஆகிவிடும்.

அதிகம் பேர் தடுமாறும் இடம் ஃபிரேம் வேகம். விநாடிக்கு 25 ஃபிரேமில் 7 நிமிடப் படம் செய்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். மொத்தம் 10,500 ஃபிரேம். எல்லாத் தியேட்டரிலும் நம்பி ஓட்டக்கூடிய வேகம் 24. ஒரு ஃபிரேமும் விடாமல் 24-இல் ஓட்டினால் படம் பதினேழரை விநாடி நீளும். அசைவில் அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் காது கண்டுபிடித்துவிடும். ஒலியையும் அதே அளவு மெதுவாக்குவதால் ஐந்து கட்டைப் பாட்டு நாலரைக் கட்டைக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். சுருதியை மாற்றாமல் நீளத்தை மட்டும் கூட்டும் வசதி ஒலி எடிட்டிங் மென்பொருள்களில் உண்டு, அதைப் பயன்படுத்தலாம். இன்னொரு வழி, ஃபிரேம்களை இடையிடையே நீக்குவது. அதை மட்டும் செய்யாதீர்கள். ஒவ்வொரு வரைபடத்தையும் இரண்டு ஃபிரேம் நிறுத்தும் அனிமேஷனில் சில வரைபடங்கள் ஒரே ஃபிரேமில் ஓடிவிடும். பக்கவாட்டில் நகரும் காட்சி விநாடிக்கு ஒருமுறை துள்ளும். இனி படம் தொடங்குவதாக இருந்தால் முதல் நாளிலேயே 24 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சட்டத்தின் அளவு. உங்கள் படம் 1920×1080, தியேட்டரின் ஃபிளாட் சட்டம் 1998×1080. இரு பக்கமும் 39 பிக்சல் கறுப்புப் பட்டை வரும். அதை அப்படியே விடுங்கள். சட்டத்தை நிரப்ப இழுத்தால் வட்ட முகம் அகன்றுவிடும்.

DCP-o-matic என்ற இலவச மென்பொருள் இதையெல்லாம் செய்துகொடுக்கும். ஃபோல்டர் தயாரானபின் உள்ளே எந்த ஃபைலின் பெயரையும் மாற்றக்கூடாது. எந்தப் பெயரில் எது இருக்கிறது என்பது அங்குள்ள ASSETMAP பட்டியலில் பதிவாகியிருக்கும். ஒவ்வொரு ஃபைலின் கைரேகை போன்ற சரிபார்ப்பு எண் இன்னொரு பட்டியலில் இருக்கும். காப்பி எடுக்கும்போது ஒரு ஃபைல் சிதைந்தாலும் அந்த எண் ஒத்துவராது, தியேட்டர் சர்வர் படத்தை ஏற்க மறுத்துவிடும். பென்டிரைவில் காப்பி செய்தபின், அங்கிருந்தே ஒருமுறை சரிபார்த்து அனுப்புங்கள்.