பிளஃப்: அடிவரி மேலே வந்தால்

அலுவலகக் குறிப்பு எழுதுகிறவர்களிடம் ‘பிளஃப்’ என்றொரு சொல் புழங்குகிறது. ‘பாட்டம் லைன் அப் ஃபிரண்ட்’ என்பதன் முதலெழுத்துகள் அவை. சீட்டாட்டத்தில் கையில் ஒன்றுமில்லாமல் பாவ்லா காட்டுவதற்கும் ஆங்கிலத்தில் இதே ஒலிதான், ஆனால் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ‘பாட்டம் லைன்’ கணக்குப் பேரேட்டிலிருந்து வந்தது: எல்லாச் செலவையும் கழித்த பிறகு லாபமா நஷ்டமா என்று காட்டும் கடைசி வரி. அதுவே பிறகு ‘மொத்தத்தில் என்ன சொல்கிறாய்’ என்ற பொருளுக்கு நகர்ந்தது. அந்த வரியைத் தூக்கி முகப்பில் வை என்கிறது பிளஃப். அமெரிக்க ராணுவத்தின் கடிதப் போக்குவரத்து விதியே (எண் 25-50) முக்கியச் செய்தியை முதலில் எழுதச் சொல்கிறது.

தமிழில் இதை ‘முடிவு முதலில்’ என்று சொல்வதுண்டு. கொள்கைக் குறிப்புக்கு அது பொருந்தாது என்பது என் கட்சி, ஏனென்றால் முடிவெடுப்பவர் குறிப்பைப் படிப்பவர், எழுதியவர் பரிந்துரைக்கத்தான் முடியும். அதனால் ‘பரிந்துரை முதலில்’ சரி. பரிந்து பேசுவது என்றால் ஒரு பக்கம் சாய்ந்து, அதற்காக வாதாடுவது. ‘பரிசீலிக்கலாம்’, ‘உரிய நடவடிக்கை எடுக்கலாம்’ என்பவற்றில் அந்தச் சாய்வு இல்லை. மெமோவுக்கு ‘குறிப்பாணை’ என்ற சொல்லும் இருக்கிறது, ஆனால் ஆணை மேலிருந்து கீழே வருவது. கீழிருந்து மேலே போவதற்குக் ‘குறிப்பு’ போதும்.

சரி, திருத்துவது எப்படி? ஒரு நூலகம் தாமதக் கட்டணத்தை எடுத்துவிடலாமா என்று ஒரு குறிப்பு என்று வைத்துக்கொள்வோம். பழைய வரைவு கட்டணத்தின் வரலாற்றில் தொடங்கி, வசூல் விவரம், மற்ற நூலகங்களின் நடைமுறை என்று நடந்து, கடைசிப் பத்தியில் இப்படி முடிகிறது: ‘ஆகவே, மேற்கண்ட காரணங்களைக் கருத்தில் கொண்டு, உறுப்பினர்களின் நலனை முன்னிட்டு, தாமதக் கட்டணத்தை நீக்குவது குறித்துப் பரிசீலிக்கலாம்.’

இதை அப்படியே வெட்டி மேலே ஒட்டினால் ‘ஆகவே’ அந்தரத்தில் தொங்கும், ‘மேற்கண்ட’வுக்கு மேலே எதுவும் இருக்காது. ஒட்டுவேலை இதில்தான் பிடிபடும். அப்புறம் தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கல்: நம் வினை கடைசியில் வருவதால், பத்தி முதலில் வந்தாலும் பரிந்துரை வாக்கியத்தின் வாலில் ஒளிந்துகொள்ளும். காரணத்தை வாக்கியத்துக்குள் திணிக்காமல் சின்னதாக உடைக்க வேண்டும்: ‘தாமதக் கட்டணத்தை நீக்கலாம். தொலைந்த நூலின் விலையை மட்டும் தொடர்ந்து வசூலிக்கலாம். அடுத்த நிதியாண்டின் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வரலாம்.’ எதை, எந்த எல்லையோடு, எப்போதிலிருந்து என்ற மூன்றும் வந்துவிட்டால் படிப்பவர் இங்கேயே நிறுத்திக் கையெழுத்துப் போடலாம்.

அடுத்தது காரணங்களின் வரிசை, கஷ்டமான பகுதியும் இதுதான். நாம் கண்டுபிடித்த வரிசையிலோ எளிதாக நிறுவக்கூடிய வரிசையிலோ அடுக்கத்தான் கை போகும். எடை பார்க்க ஒரு சோதனை உண்டு: ஒரு காரணத்தை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள், பரிந்துரை விழுந்துவிடுகிறதா? கட்டணம் பாக்கி என்பதால் உறுப்பினர்கள் நூல் எடுக்க முடியாமல் நிற்கிறார்கள், நூலகம் இருப்பதன் நோக்கமே அடிபடுகிறது என்பதை மறைத்தால் மிச்சமிருப்பது வெறும் சிக்கன வாதம், அதனால் இது முதலில். வசூலுக்கு ஆகும் ஊழியர் நேரம் வரவில் பெரும்பகுதியை விழுங்குகிறது என்பது இரண்டாவது. இதற்கு உண்மையான கணக்கு கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் எழுதக்கூடாது. வேறு நூலகங்களும் நீக்கியிருக்கின்றன என்பதை மறைத்தால் ஒன்றும் ஆகாது. அது ஆறுதல் மட்டுமே, கடைசியில் ஒரு வரியாக வரலாம். பலவீனமான காரணத்தைப் பத்தியாக வளர்த்தால், எதிர்ப்பவர் வலுவானதை விட்டுவிட்டு அதைத்தான் பிடித்துக்கொள்வார்.

‘அப்படியானால் நூல் திரும்பி வருமா?’ என்று கட்டாயம் கேட்பார்கள். பதிலைக் காரணங்களை அடுத்தே வைக்கலாம்: நூலின் விலையை வசூலிப்பது தொடரும், நினைவூட்டல் போகும். கட்டணத்தின் வரலாறு? அதைப் பின்னிணைப்புக்கு அனுப்பிவிடலாம். 1940 ஆகஸ்டில், போர் நடுவில், சர்ச்சில் தன் அமைச்சரவைக்கு அனுப்பிய சுருக்கக் குறிப்பும் சிக்கலான விவரங்களையும் புள்ளிவிவரங்களையும் பின்னிணைப்பில் வைக்கத்தான் சொன்னது.

ஒரு விதிவிலக்கு. பரிந்துரை கேட்காமல் வழிகளை மட்டும் அடுக்கித் தரச் சொல்லியிருந்தால், முகப்பில் வலிந்து ஒரு பரிந்துரையை ஏற்றக்கூடாது. அங்கே முதல் வரியில் முடிவு செய்ய வேண்டிய கேள்வியையும் அதற்கான கடைசித் தேதியையும் போட்டால் போதும்.