கூட்டல் சரி, தலைப்புத்தான் பிழை: காசுப் பாய்ச்சல் கூற்றைச் சரிபார்ப்பது எப்படி?

கிளிநொச்சிப் பக்கம் நெல் வாங்கி விற்கும் ஒரு சிறு சங்கத்தின் கணக்கை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். மார்ச் 31இல் அதன் ஆண்டு முடிகிறது. கையால் எழுதிய காசுப் பாய்ச்சல் கூற்றின் அடியில் தேறிய அதிகரிப்பு 50,000 ரூபாய் என்று இருக்கிறது. தொடக்கத்தில் இருந்த 180,000ஓடு கூட்டினால் 230,000 வருகிறது. வங்கி மீதியும் கையிருப்புக் காசும் சேர்ந்து அதே தொகைதான். பொருந்திவிட்டது என்று பலரும் இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

கூட்டல் பொருந்தினால், தொழிற்பாடு, முதலீடு, நிதியிடல் என்ற மூன்று தலைப்புகளும் சரி என்று ஆகாது. ஒரு தொகையை முதலீட்டிலிருந்து தொழிற்பாட்டுக்கு மாற்றி எழுதினாலும் அடியில் அதே 50,000தான் வரும். அதனால் இந்தப் பிழையைக் கூட்டிப் பார்த்துப் பிடிக்க முடியாது. ஒவ்வொரு வரியையும் அது பிறந்த கணக்கோடு ஒப்பிட வேண்டும்.

தாளில் தொழிற்பாட்டுப் பகுதி இப்படி இருக்கிறது: இலாபம் 600,000, பெறுமானத் தேய்வு கூட்டியது 200,000, நெல் இருப்புக் கூடியதால் கழித்தது 350,000, கடன்கொடுத்தோர் கூடியதால் கூட்டியது 450,000. அப்புறம் இரண்டு வரிகளுக்கு நடுவில் வேறு மையில் நெருக்கி எழுதிய ஒரு வரி: ‘பழைய உழவு இயந்திரம் 500,000’. மொத்தம் 1,400,000. முதலீட்டில் புதிய உழவு இயந்திரம் வாங்கியது 1,200,000 என்று ஒரே ஒரு கழிவு. நிதியிடலில் வங்கிக் கடனின் முதலைத் திருப்பிக் கட்டியது 150,000.

நெருக்கி எழுதிய வரியிலிருந்து தொடங்குங்கள். கையெழுத்துத் தாளில் அப்படி ஒரு வரி இருந்தால், கூட்டல் பொருந்தாமல் போன பிறகு அது சேர்க்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். உழவு இயந்திரக் கணக்கைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் போட்டுப் பார்க்கலாம். தொடக்க ஏட்டுப் பெறுமதி 900,000. வாங்கிய 1,200,000ஐக் கூட்டி, தேய்வு 200,000ஐக் கழித்தால் 1,900,000 இருக்க வேண்டும். நிதிநிலைமைக் கூற்றிலோ 1,400,000தான். குறையும் 500,000, விற்ற இயந்திரத்தின் ஏட்டுப் பெறுமதி. அது கைக்கு வந்த காசு அல்ல. பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் விற்ற விலை 650,000.

மிச்ச 150,000 எங்கே? விற்பனை இலாபமாக மேலே உள்ள 600,000க்குள் ஏற்கெனவே இருக்கிறது. அதனால்தான் 500,000ஐச் சேர்த்ததும் கூட்டல் பொருந்தியது. சரியான முறை, தொழிற்பாட்டில் அந்த 150,000ஐ இலாபத்திலிருந்து கழித்துவிட்டு, 650,000 முழுவதையும் முதலீட்டில் வரவாக எழுதுவது.

இரண்டாவது பிழை இன்னும் நன்றாக மறைந்திருக்கிறது. கடன்கொடுத்தோர் ஏட்டைப் பெயர் பெயராகப் பிரித்தால், கூடிய 450,000இல் உரக்கடைக்குக் கொடுக்க வேண்டியது 50,000தான். மீதி 400,000 புதிய உழவு இயந்திரத்தை விற்றவருக்குப் பாக்கி. கடன்கொடுத்தோர் கூடியதை ஏன் இலாபத்தோடு கூட்டுகிறோம்? உரத்தின் செலவு இலாபத்தில் கழிந்துவிட்டது, ஆனால் காசு இன்னும் போகவில்லை என்பதால். உழவு இயந்திரத்தின் விலை அப்படி இலாபத்தில் கழியவே இல்லை. எனவே அதன் பாக்கியைத் திரும்பக் கூட்ட இடமில்லை. முதலீட்டில் 1,200,000 அல்ல, உண்மையில் கொடுத்த 800,000 மட்டுமே வர வேண்டும். பாக்கியைப் பின்னொரு ஆண்டில் கொடுக்கும்போது அதுவும் தொழிற்பாட்டில் வராது.

திருத்திய பிறகு தொழிற்பாடு 350,000. முதலீட்டில் 150,000 வெளியே போயிருக்கிறது, நிதியிடலில் இன்னொரு 150,000. தேறியது அதே 50,000. ஆனால் வியாபாரத்தால் மட்டும் வந்த காசு, தாளில் இருந்ததில் கால்வாசிதான். கடன் கேட்டுப் போனால் வங்கி முதலில் பார்க்கும் எண் அதுதான்.

நெல் இருப்பு வரியை மட்டும் அவசரப்பட்டுச் சந்தேகிக்க வேண்டாம். வன்னியில் காலபோக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில் நடப்பதால் மார்ச் 31இல் களஞ்சியம் நிறைந்திருப்பது இயல்பு. ஏதாவது ஓர் ஆண்டில் அறுவடை பிந்தினாலே இந்த வரி பெரிதாக ஆடும். தொகை எவ்வளவு பெரிதானாலும் அது தொழிற்பாட்டுக்கு உரியதுதான்.

இன்னொன்று. இதே 650,000, ஏ9 வீதியில் உழவு இயந்திரம் விற்கும் கடைக்காரரின் கூற்றில் தொழிற்பாட்டிலேயே வரும். அவருக்கு அது சரக்கு. ஆகவே பொருளின் பெயரை வைத்துத் தலைப்பைத் தீர்மானிக்காமல், அந்த நிறுவனம் எதை வைத்துப் பிழைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கடன் வட்டியில் நியமமே கொஞ்சம் இடம் கொடுக்கிறது. இலங்கைக் கணக்கீட்டு நியமமான எல்கேஏஎஸ் 7இன்படி கட்டிய வட்டியைத் தொழிற்பாட்டிலோ நிதியிடலிலோ காட்டலாம். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மாற்றாமல் ஒரே இடத்தில் காட்ட வேண்டும். அதனால் வட்டி வரியைச் சரிபார்க்கும்போது போன ஆண்டுக் கூற்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.