சொட்டு மருந்து போதாதபோது: கிளாக்கோமாவுக்கு எந்த அறுவை சிகிச்சை?

அறுபதை நெருங்கும் ஒருவர் மூன்று வகைச் சொட்டு மருந்துகளைத் தவறாமல் போட்டும் அவருடைய கண் அழுத்தம் 19 மி.மீ. பாதரச அளவில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 21 வரை இயல்புதானே, அறுவை சிகிச்சை எதற்கு என்று அவர் கேட்பார். ஆனால் பார்வைப் புலப் பரிசோதனையில் இழப்பு மையத்தை நெருங்கிவிட்டது. கிளாக்கோமாவால் நலிந்துபோன அவருடைய பார்வை நரம்புக்கு 19 அதிகம், 12-ஐ ஒட்டிக் கொண்டுவர வேண்டும். எந்த அறுவை என்பதைப் பெரும்பாலும் இந்த இலக்குதான் முடிவு செய்கிறது.

இத்தகையோர் பலர் முதலில் கேட்பது நுண்ணிய ஸ்டென்ட் பற்றித்தான். ஐஸ்டென்ட் போன்றவை கண்ணின் உள்நீரை அதன் இயல்பான வடிகாலான ஷ்லெம் கால்வாய்க்குள் எளிதாக இறங்கச் செய்கின்றன. அந்த நீர் இறுதியில் சேரும் நுண் சிரைகளிலேயே 8 முதல் 10 வரை அழுத்தம் இருப்பதாலும், வழியில் வேறு தடைகளும் இருப்பதாலும், பலருக்கு அழுத்தம் 15-ஐ ஒட்டியே நின்றுவிடுகிறது. தொடக்க நிலை நோயுடன் கண்புரையும் உள்ளவருக்கு, புரை அறுவையோடு சேர்த்துப் பொருத்த இது நல்ல வழி, இவருக்குப் போதாது. புதியது என்பதாலேயே பாதுகாப்பானது என்றும் கொள்ள முடியாது: சைபாஸ் என்ற வேறு வகை ஸ்டென்ட், கருவிழியின் உட்புறச் செல்கள் குறைவது தெரியவந்ததால் 2018இல் திரும்பப் பெறப்பட்டது.

ஆகவே இவருக்கு நான் டிரபெக்குலெக்டமியையே பரிந்துரைப்பேன். மேலிமைக்கு அடியில், வெள்விழியில் ஒரு சிறு மூடியை வெட்டி, அதன் வழியே உள்நீர் மேல்சவ்வின் கீழ் கசியும்படி செய்கிறோம். அங்கே மெல்லிய கொப்புளம் உருவாகிறது. அறுவையின் பாதி வேலை அதற்குப் பின்வரும் வாரங்களில்தான் இருக்கிறது. உடல் அந்த வழியைக் காயமாகக் கருதித் தழும்பால் அடைக்க முயலும் என்பதால் மைட்டோமைசின் என்ற மருந்தை வைக்கிறோம். அழுத்தம் ஏறினால் அந்த மூடியைப் பிடித்திருக்கும் தையல்களில் ஒன்றை லேசரால் அறுத்து விடுகிறோம். நீர் அளவுக்கு மீறி வடிந்தாலோ, அழுத்தம் மிகவும் இறங்கி விழித்திரை சுருங்கிப் பார்வை மங்கும். கொப்புளத்தின் வழியே கிருமி நுழையும் அபாயம் பல ஆண்டுகளுக்குப் பின்னும் உண்டு. கண் சிவந்து, வலித்து, பீளை வந்தால் அன்றே மருத்துவரிடம் வர வேண்டும்.

முந்தைய அறுவைகளால் மேல்சவ்வு தழும்பேறியவருக்கும், சர்க்கரை நோயால் கண்ணின் வடிகால் கோணத்தில் புது ரத்தக் குழாய்கள் முளைத்தவருக்கும் வடிகுழாயே பொருத்தமானது. மதுரை ஆரோலேப் தயாரிக்கும் ஆடி என்ற குழாயில் வால்வு இல்லை. எனவே தொடக்கத்திலேயே நீர் அளவுக்கு மீறி வடியாதிருக்க, தானே கரையும் நூலால் அதைக் கட்டி வைக்கிறோம். ஐந்தாறு வாரங்களில் நூல் கரைந்து குழாய் திறக்கும். அதுவரை, அறுவைதான் முடிந்துவிட்டதே என்று சொட்டு மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. திறக்கும் நாட்களில் அழுத்தம் திடீரென இறங்கக்கூடும் என்பதால் அந்த வாரப் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் கூடாது.